உட்காராமல் எட்டு வாரம்

அந்தக் கடையில் சோபா விற்பதற்கு ஒரு முறை உண்டு. விற்பவர் முதலில் உட்கார வேண்டும். சும்மா ஓரத்தில் தொற்றிக்கொண்டால் போதாது. முதுகைச் சாய்த்து, கையை அகல விரித்து, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவர் மாதிரி அமிழ வேண்டும். அதைப் பார்க்கிற வாடிக்கையாளருக்குத் தானாகக் கால் வலிக்கும், அவரும் உட்காருவார். அவர் எழுந்திருக்கும்போது சோபா பாதி விற்றிருக்கும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் மேனேஜர். அதில் கரைகண்டவர் அக்கா. கடையில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட நான்கு வயது பெரியவரான மேனேஜருக்கும்கூட.

அப்பேர்ப்பட்ட அக்காவிடம் டாக்டர், எட்டு வாரத்துக்குத் தாழ்வான இருக்கையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். என்ன வியாதி, எந்த இடத்தில் என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். அக்கா சொல்லாததைச் சொல்ல நான் யார்? உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் மறுநாளிலிருந்து கடையில் இருக்கிற பன்னிரண்டு பேரின் கண்ணும் எங்கே போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

டாக்டர் எழுதிய கடிதத்தில் முதல் வரியிலேயே நோயின் பெயர் இருந்தது, அதுவும் கொட்டை எழுத்தில். அக்கா அதைத் திருப்பிக் கொடுத்து, கடைக்கு என் வேலையைப் பற்றித் தெரிந்தால் போதும், உடம்பைப் பற்றி வேண்டாம் என்றார். டாக்டர் அசரவில்லை. நிறையப் பேர் கேட்பதுதான் என்று வேறு தாள் எடுத்தார். என் சிகிச்சையில் இருக்கிறார், நிற்கலாம், நடக்கலாம், தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மணிக்கொருமுறை ஐந்து நிமிட இடைவேளை வேண்டும், எட்டு வாரத்துக்கு இப்படி, நான்காவது வாரம் மறுபடி பார்த்துச் சொல்கிறேன். அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

அக்காவின் வீட்டுக்காரர் இதைவிடச் சுலபமான வழி வைத்திருந்தார். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்றார். அக்காவும் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் ஒத்திகை பார்த்தார். சமையலறைக்குப் போகும்போது வலது கால் நொண்டியது. திரும்பி வரும்போது இடது கால் நொண்டியது. எட்டு வாரம் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று அன்றைக்கே பொய்யைக் கைகழுவினார்.

அவருடைய பயமெல்லாம் மேனேஜரைப் பற்றித்தான். மனுஷன் தங்கமானவர், ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. கல்லாவில் இருக்கும் பெண் முழுகாமல் இருப்பதை அவள் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே கடைக்கு அறிவித்தவர் அவர். கேட்காமல் விட்டால் சோபாவில் உட்கார்ந்து உயிரை விட வேண்டும். கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால் மானம் போகும். இரண்டு நாள் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். கடிதத்தை மேஜைமேல் வைத்து, மனப்பாடம் செய்ததைச் சொன்னார். எட்டு வாரத்துக்கு நின்றுகொண்டே விற்கிறேன். வாடிக்கையாளரை முதலில் உட்காரவைக்கும் பொறுப்பு என்னுடையது. பில்லை உயரமான கவுண்டரில் வைத்து எழுதிக்கொள்கிறேன். சோபாவை நகர்த்துவது மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும். தலைமை அலுவலகத்தில் ஊழியர் விவகாரம் பார்க்கும் அம்மாவுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இதுல நோயோட பேருன்னு ஒரு கட்டம் இருக்கே அக்கா."

"அது லீவு ஃபாரம் சார். நான் லீவு கேக்கல. வேலை செய்யத்தான் கேக்கறேன்."

"சரி, சரி. முதுகா?"

"வேலைக்கு வேண்டியது எல்லாம் அந்த லெட்டர்ல இருக்கு சார். மத்தத நானும் டாக்டரும் பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இது மேனேஜரே சொல்லிக்கொடுத்த வித்தை. விலையைச் சொன்ன பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது, முதலில் வாயைத் திறக்கிறவர் இறங்கி வருவார் என்று ஒவ்வொரு வாரமும் பாடம் எடுப்பார். அக்காவுக்கு நாக்கு அரித்தது. ஒன்றுமில்லை சார், ஒரு சின்ன ஆபரேஷன்தான் என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினார். மேனேஜர் பேனாவைத் தட்டினார். காகிதக் கிளிப்பை நிமிர்த்தினார். மின்விசிறியைப் பார்த்தார். வித்தையைக் கற்றுக்கொடுத்தவருக்கு அது வரவே வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு இடது காது கேக்காது அக்கா" என்றார்.

பிறகு மடை திறந்தது. ஒரு ஜலதோஷத்தில் ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. மச்சினி சொன்ன சொட்டு மருந்தால் ஒன்றும் ஆகவில்லை. வாங்கிய காது மிஷின் வெட்கப்பட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளையும் சேர்த்துப் போனில் கூட்டம் போடும்போது பாதி விளங்குவதில்லை. குத்துமதிப்பாகச் சரி, சரி என்று சொல்லிவைப்பார். அப்படிச் சொன்ன ஒரு சரியில்தான் இந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு போனது. இதைக் கேட்டபோது அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது.

"இந்த மாதிரி லெட்டர்ல காதுன்னு போடணுமா?" என்று மேனேஜர் கேட்டார்.

வேண்டாம், கூட்டத்தில் பேசுவதை எழுத்திலும் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் எழுதினால் போதும், அதை அந்த அம்மாவுக்கு அனுப்புங்கள் என்று அக்கா விளக்கினார். மேனேஜர் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"அக்கா, இத யார்கிட்டயும்..."

"எத சார்?" என்றார் அக்கா.

அன்று மத்தியானமே தலைமை அலுவலக அம்மாவிடமிருந்து பதில் வந்தது. கேட்டபடி ஏற்பாடு செய்யவும். நான்காவது வாரம் மறுபடி பேசலாம். கடிதம் எங்களிடம் தனிக் கோப்பில் இருக்கும். மற்றவர்களுக்கு ஏற்பாடு மட்டும் தெரிந்தால் போதும். அந்த அம்மாவை அக்கா நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நம்ம அக்காவுக்கு..." என்று ஆரம்பித்ததும் பதினொரு தலைகள் முன்னால் நீண்டன. மேனேஜர் வழக்கம்போல வாயை நன்றாகத் திறந்தார். ஆனால் எவ்வளவு தேடினாலும் கொட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

"...எட்டு வாரத்துக்கு அக்கா நின்னுட்டுதான் விப்பாங்க. சோபா நகத்தணும்னா நீங்க போய் நகத்துங்க" என்று முடித்துக்கொண்டார்.

அவருக்கு இடப்பக்கம் நின்ற மெத்தைப் பிரிவு ஆசாமிக்கு இது போதவில்லை. "அக்காவுக்கு என்ன வியாதி சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டார்.

மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. நேராகப் பார்த்தபடி அடுத்து நாற்காலிகளின் தள்ளுபடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மெத்தைக்காரர் காது சிவக்கத் தரையைப் பார்த்தார். இப்படி ஒரு பெரிய மனுஷத்தனமா என்று கல்லாப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அக்காவின் பக்கத்தில் வந்து, தன் வலக் காதை அவர் பக்கம் கொடுத்து நின்றார். "நடுவுல யாராவது எதாவது கேட்டாங்களா? எல்லாரும் என்னயே ஒரு மாதிரி பாத்தாங்க."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒண்ணும் கேக்கல சார்" என்றார்.