மூன்றாவது ஆளின் சம்பளம்

மந்தாகினி ஜக்தாப் வங்கிக்கு எழுதிய திட்டம் ஒரே பக்கம்தான். தினம் தொண்ணூறு மதியச் சாப்பாட்டு டப்பா, ஒன்று எழுபது ரூபாய். மாத வரவு, மளிகை, காஸ், வாடகை, டப்பா கொண்டுபோகும் கூலி. மாவு பிசையும் மெஷினுக்கும் பெரிய அடுப்புக்கும் இரண்டு லட்சம் கடன், மூன்று வருடத் தவணை. வேலையாட்கள்: இரண்டு.

நாசிக் கிளை மேனேஜர் பாட்டண்கர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"டப்பாவுக்கு நாலு சப்பாத்தி. பதினோரு மணிக்குள்ள முந்நூத்தி அறுபது. யார் தேய்க்கிறது?"

"நான்தான் சார். கூட வேலை செய்யுற அனுசுயா காய் பார்ப்பா, டப்பா கட்டுவா."

"நடக்காது மேடம். கணக்கு இடிக்குது."

"நடந்துட்டுதான் இருக்கு. வந்து பாருங்க."

மறுநாள் காலை வந்தார். சமையலறை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் தாளை எடுத்தார்.

"மூணு பேர் இருக்கீங்களே. மூலையில பச்சைப் புடவை கட்டி உக்காந்து தேய்க்கிறாங்களே, அவங்க சம்பளம் எங்க?"

மந்தாகினி திரும்பவில்லை. அனுசுயா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

இந்தத் தொழிலை மந்தாகினியோடு ஆரம்பித்தவள் ஓரகத்தி நிர்மலா. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். பச்சைப் புடவை கட்டித்தான் அனுப்பினார்கள். அதன் பிறகும், அடுப்புப் பக்கம் போய்த் திரும்பினால் சப்பாத்தி அடுக்கு உயர்ந்திருக்கும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

"வீட்டு ஆளு சார்," என்றாள் மந்தாகினி.

"வீட்டு ஆள்னா சும்மா உழைக்கணுமா? கூலி சேர்க்காத லாபம் லாபமே இல்ல. நாளைக்கு அவங்க வரலைன்னா தவணை எப்படிக் கட்டுவீங்க?"

அன்றே திட்டத்தைத் திருத்தி எழுதினாள். ஆட்கள் மூன்று, மூவருக்கும் கூலி. லாபம் பாதியாயிற்று, ஆனாலும் தவணைக்குப் போதும். கடன் கிடைத்தது.

முதல் மாதம் முடிந்ததும் மூன்றாவது சம்பளத்தை என்ன செய்வதென்று யோசித்தாள். நிர்மலாவின் மகள் புணேயில் நர்சிங் படிக்கிறாள். அவள் கணக்கில் போட்டாள்.

மறுநாள் காலை அனுசுயாதான் முதலில் மூலையைப் பார்த்தாள்.

"அண்ணி, அடுக்கு ஏறவே இல்லையே."

இருவரும் மாறி மாறித் தேய்த்தும் டப்பாக்கள் ஒரு மணிக்குத்தான் கிளம்பின. ஆபீஸ்களிலிருந்து திட்டு மேல் திட்டு. அந்த வாரமே ருக்மா என்ற பெண்ணை, தாளில் எழுதிய அதே சம்பளத்துக்கு வைத்தார்கள்.

ருக்மா மூலை மணையில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள்.

"இப்ப இங்க யார் உக்காந்திருந்தா? சூடா இருக்கு."

"யாரும் இல்ல. கொஞ்ச நேரம் இரு, ஆறிடும்," என்றாள் மந்தாகினி. மணையைத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.