கீழ்வீட்டுக் குழாயும் மாடி ஷவரும்

விழுப்புரத்தில் மாடிவீட்டு அம்சாவுக்குத் தலையே சுற்றியது. முதுகில் ஆபரேஷன் ஆன புருஷன் ராஜ்குமாரை நாற்காலியில் உட்கார வைத்து, ஹேண்ட் ஷவரால்தான் குளிப்பாட்ட முடியும். அதுவோ சொட்டுச் சொட்டாக அழுதது. தலைக்குப் போட்ட ஷாம்பு போகவே இல்லை.

பழி யார்மேல்? கீழ்வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் ஆரோக்கியசெல்விமேல்தான். ஒரே டேங்க், ஒரே மோட்டார். அவள் குழாயைத் திறந்துவிட்டு நம் தண்ணீரை இழுக்கிறாள் என்று அம்சா அடித்துச் சொன்னாள். போன மாதம் வாய்ச்சண்டை. கடைசியில், "வேற வீடு பாத்துக்க" என்றும் சொல்லிவிட்டாள்.

இன்றைக்கும் அதே அழுகைதான். ஆத்திரத்தில் அம்சா ஷவர் தலையைத் திருகிக் கழற்றிவிட்டு வால்வைத் திறந்தாள். அடேயப்பா! குழாயிலிருந்து பீச்சிய தண்ணீர் எதிர்ச் சுவரில் மோதி அவள் முகத்திலேயே அடித்தது.

"தண்ணி நல்லாத்தாங்க வருது... அப்புறம் ஏன்?"

"அந்த ஷவர் தலையைக் கொஞ்சம் பாரு," என்றான் ராஜ்குமார்.

பார்த்தாள். ரப்பர் முனைகளெல்லாம் வெள்ளைப் பொருக்கு. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்பு.

சில்லி சிக்கனுக்கு வாங்கிய வினிகரோடு அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரைக் கலந்து, முனைகள் மூழ்கும்படி தலையைக் கிண்ணத்தில் கவிழ்த்தாள். குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாள். ஊக்கை எடுத்துக் குத்தப் போனவளை ராஜ்குமார் தடுத்தான்.

"ஓட்டை பெருசாயிடும். கட்டைவிரலால தேய்ச்சு விடு, போதும்."

தேய்த்தாள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெல்ல உரசியதும் பொருக்கு உதிர்ந்தது. நன்றாக அலசி, வாஷரை வைத்து மாட்டித் திறந்தாள். எல்லா முனையும் ஒன்றாகச் சீறின. ராஜ்குமார் சிரித்தான். அம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈரச் சேலையோடு கீழே ஓடினாள். வாசலில் சாமான் ஏற்றும் டாட்டா ஏஸ் வண்டி நின்றிருந்தது. ஆரோக்கியசெல்வி கட்டிலின் கால்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, போவாத. ஷவர்லதான் உப்பு அடைச்சிருந்துச்சு. தப்பு என்னுதுதாண்டி."

"திண்டிவனத்துல வீடு பாத்தாச்சுக்கா." செல்வி நிமிராமலே சொன்னாள். "நீங்க சொன்ன அன்னியிலேர்ந்து, மாமா குளிக்கிற நேரத்துல நான் கொழாயே தொறக்கலை. முந்தின நாளே பானையில புடிச்சு வச்சிக்கினு பொழச்சேன்."

அம்சா கட்டிலைப் பற்றிக்கொண்டாள். "சாமான எறக்கிடு. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

செல்வி முடிச்சை இறுக்கினாள்.

"எறக்கிடலாங்க்கா. ஆனா நாளைக்குக் கரண்டு போனா யார் மேல பழி போடுவீங்க?"

அம்சா கட்டிலைப் பிடித்தபடியே நின்றாள். டிரைவர் நேரமாகிறது என்றான்.