வெள்ளிக்கிழமை அறிக்கை குறித்து

அலுவலகத்தில் மேலாளருக்கு 'உடனடி' என்றுதான் பெயர். அவர் அனுப்பும் மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் அதுதான் தலைப்பு. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள், "வேலைச்சுமை பற்றி எனக்கு மனம்விட்டு எழுதுங்கள், புகார் வேண்டாம், யோசனை வேண்டும்" என்று கேட்டிருந்தார். அதற்கும் தலைப்பு உடனடிதான்.

உதிரிபாகக் கிடங்கில், திரும்பி வரும் சரக்கைக் கவனிக்கும் எழுத்தருக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை மாலை மகளுக்கு நீச்சல் வகுப்பு. சேர்த்து இரண்டு வருஷம் ஆகிறது, வகுப்பு முடிந்ததும் போய் அழைத்துவருவது எப்போதும் அப்பாதான், பெற்றவள் ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்களுக்கு அன்றே பதில் சொல்லி, வாராந்திர அறிக்கையையும் முடித்து எழுந்தால் குளத்தைப் பூட்டியிருப்பார்கள்.

பொங்கிப் பொங்கி எழுதினாள். பேருந்து ஓட்டும் கணவன்தான் முதலில் படித்தான்.

"'நான் மனுஷியா, மாடா?'ன்னு ஆரம்பிச்சிருக்கே. அவர் என்னன்னு பதில் சொல்லுவாரு?"

"மாடுன்னு சொல்லட்டும், அப்ப இருக்கு கச்சேரி!"

"உனக்குச் சண்டை வேணுமா, வெள்ளிக்கிழமை வேணுமா? ஒண்ணு சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினாள். 'வெள்ளி மதியம் வாடிக்கையாளர் வேலையும் அறிக்கையும் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த அவசரத்தில் போன மாதம் இரண்டு பேருக்குத் தவறான பாகத்தை அனுப்பிவிட்டேன். அறிக்கையைத் திங்கள் காலைக்கு மாற்றலாமா? அல்லது பக்கத்து மேசைக்காரரும் நானும் வாரம் மாற்றி வாரம் செய்யலாமா? ஒரு மாதம் செய்து பார்ப்போம். இரண்டும் வெள்ளியன்றே வேண்டுமானால், எது முக்கியம் என்று சொல்லுங்கள்.' படித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அனுப்பிவிட்டாள்.

உடனடி வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். "பிரமாதம்மா! இப்படித்தான் எழுதணும். என்னையும் மேலே இருக்கிறவங்க பிழிஞ்செடுக்குறாங்க. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் கொடுங்களேன். மத்தவங்களுக்கும் ஒரு வகுப்பு எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெச்சுக்கலாம்!"

அந்த 'மாடு' அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"செய்யறேன் சார். புதன்கிழமை காலையில வெச்சுக்கலாம். ஆனா இதைச் சேர்த்தா எதை எடுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

மனிதர் அன்றுதான் முதல்முறையாக நிதானமாக யோசித்தார்.

"அறிக்கையை விட்டுடுங்க."

"திங்கக்கிழமைக்கா சார்?"

"அடியோட விட்டுடுங்க. அதைக் கேட்ட அதிகாரி வேலையை விட்டுப் போயே ஒரு வருஷமாச்சு. இப்ப அதை யாரு படிக்கிறா?"

படுபாவி! ஒரு வருஷ வெள்ளிக்கிழமைகளை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டு என்ன ஆகப்போகிறது என்று எழுந்து வந்தாள்.

அந்த வாரம் கணவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் மகளை அழைத்துவரத் தானே குளத்துக்குப் போனாள். ஆழமான பக்கத்தில் மகள் மீனாய் நீந்திக்கொண்டிருந்தாள். கரையில் அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய் வேகவேகமாக வந்து விளிம்பைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?"