எட்டு நாள் தண்ணீர்

எங்கள் ஊர் செமோரில் வியாழன் காலையிலிருந்து ஞாயிறு இரவு வரை தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்ததும், பக்கத்து வீட்டு ராமையா வாளி, அண்டா, சோற்றுப் பானை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் தண்ணீர் பிடித்தார். நானும் வாளியோடு எழுந்தேன். என் வீட்டுக்காரர் கார்த்திகேசு விட்டால்தானே!

"வை கலா, கீழ வை. கணக்குத் தெரியாதவங்க செய்ற வேலை அது."

என் பயம் எனக்கு. சனிக்கிழமை மகள் புனிதாவுக்குப் பரிசம். தைப்பிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தினமும் மழை பெய்கிற ஊர்க்காரர்கள். கை கழுவத் தண்ணீர் இல்லாத வீட்டில் பெண் எடுத்தோம் என்று காலம் முழுக்கச் சொல்லிக் காட்டினால் என் பிள்ளை எங்கே போவாள்?

கார்த்திகேசு அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறினார். எங்கள் டேங்க் உருளையானது. குறுக்கே ஒரு மீட்டர், உள்ளே தண்ணீர் நிற்கும் உயரம் மூன்று முழம் என்று சொல்லிவிட்டு, பிறகு 1.4 மீட்டர் என்று திருத்தினார். பள்ளிக்கூடத்தில் மலாயில் படித்த கொள்ளளவுச் சூத்திரத்தை மந்திரம் போல் முணுமுணுத்தார்.

"பை, ஜே, ஜே, டி. டி-ன்னா உயரம். மூணு புள்ளி ஒண்ணு நாலு, பெருக்கல் ஒண்ணு, பெருக்கல் ஒண்ணு, பெருக்கல் ஒண்ணு புள்ளி நாலு. நாலாயிரத்து நானூறு லிட்டர்! தண்ணி மீட்டர்ல பார்த்தேன், நாம ஒரு நாளைக்கு ஐந்நூத்தி அம்பது செலவு பண்றோம். எட்டு நாள் வரும்லா!"

அதோடு நின்றாரா? கணக்கை அப்படியே எழுதி, படம் பிடித்து, சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம், குளித்துவிட்டே போகலாம்' என்று வேறு. மாப்பிள்ளை ஷர்வின் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழனும் வெள்ளியும் வழக்கம்போல் துவைத்தோம், குளித்தோம், வாசலைக்கூடக் கழுவினோம். சனிக்கிழமை காலை குளியலறையிலிருந்து ஒரு அலறல்.

"கலா! பைப் அடைச்சிருக்கு!"

தலை முதல் கால் வரை சோப்பு நுரையோடு நின்றார். கைலியைச் சுற்றிக்கொண்டு கூரையேறி டேங்கைத் தட்டினார். வெறும் டேங்க் ணங்கென்றது.

"எங்கயோ ஒழுகுது," என்றார்.

"ஒழுகினா கூரை நனையாதா? வந்து வாய்க்குது பாரு எனக்குன்னு!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராமையா வீட்டில் ஒரு வாளி கடன் வாங்கி அவர் நுரையைக் கழுவினேன். அதற்குள் வாசலில் லாரிச் சத்தம்.

வேனில் மட்டும் வருவார்கள் என்று பார்த்தால், வேனுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன லாரி. அதில் ஐந்து நீலப் பீப்பாய்கள், நிறையத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. சீர்த்தட்டுகளோடு சம்பந்தியம்மா வீரம்மா முன்னால் இறங்கினார்.

"எங்க வீட்டுல பொண்ணு வீட்டுக்குத் தண்ணி கொண்டாந்துதான் பரிசம் போடுவோம். ஒத்தப்படையா அஞ்சு. எங்க பழக்கம் சம்பந்தி," என்றார், கண் இமைக்காமல்.

அப்படி ஒரு பழக்கம் தைப்பிங்கில் மட்டுமல்ல, எங்குமே கிடையாது. லாரியிலிருந்து குழாய் போட்டு அண்டாக்களை நிரப்பிக்கொண்டிருந்த ஷர்வினை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தே. ஜே-ன்னா நடுவுல இருந்து ஓரம் வரைக்கும். மாமா டேப்புல வந்த முழு அகலத்தையும் போட்டுட்டாரு. பாதி போடணும், அரை மீட்டர். அரையை அரையால பெருக்கினா கால். அப்போ தண்ணியும் கால் பங்குதான். ஆயிரத்து நூறு லிட்டர், ரெண்டே நாள்."

"அன்னைக்கே தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும். அங்கேயே சொன்னா குரூப்ல எல்லாரும் பார்ப்பாங்களே. அம்மாதான் பொட்டு வெச்சிரலாம்னாங்க."

என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு மனிதனின் மானத்தைக் காக்கத் தைப்பிங்கிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிற வீடு. புனிதா அங்கே நன்றாக இருப்பாள். அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. கையில் குங்குமச் சிமிழ் இருந்ததால் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். காதோரம் இன்னும் சோப்பு. பீப்பாய்களை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"நீயாவது ரெண்டு வாளி பிடிச்சு வெச்சிருக்கலாம்லா கலா."

வந்ததே கோபம் எனக்கு! சம்பந்தி வீட்டார் முன்னால் வாயைத் திறக்க முடியுமா? சிமிழைத் திறந்து, பீப்பாய்க்கு வைத்தது போலவே அவர் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

"போங்க. போய்க் காலி டேங்க் பக்கத்துல நில்லுங்க," என்றேன்.