திரும்பிப் போன குரல்

மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே போகும் அந்த ஒழுங்கையில் ரெலிபோன் இருந்த ஒரே வீடு தியாகராசாவுடையது. சுன்னாகத்தில் இருந்த அவருடைய இரும்புக்கடையிலும் ஒன்று இருந்தது. அது போதாதென்று, சிங்கப்பூருக்குப் போய்வந்த கூட்டாளி ஒருவரைப் பிடித்து ஒரு பெட்டியும் எடுப்பித்திருந்தார். ரிசீவரை அந்தப் பெட்டியின் மேலிருந்த பள்ளத்தில் கிடத்திவிட்டால் போதும், மறுமுனையில் கதைப்பவரின் குரல் அறைக்குள் கேட்கும். கையில் எதையும் பிடிக்காமல் கதிரையில் சாய்ந்துகொண்டே பதில் சொல்லலாம்.

ஆனால் பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரின் சத்தம் அவருக்குக் காணாது. பழைய றேடியோவிலிருந்து கழற்றிய பெரிய ஸ்பீக்கரை வயர் போட்டு அதோடு பொருத்தினார். வயர் கட்டையாக இருந்ததால் ஸ்பீக்கரும் ரெலிபோனும் ஒரே மேசையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன. அதைப் பார்க்க அவருக்கு வலு சந்தோசம்.

தியாகராசாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை ஞானாம்பிகையின் மகள் கனகாம்பிகையைத்தான் தன் பிள்ளையாக நினைத்தார். அவளுடைய தகப்பன் இல்லாமற்போன பிறகு கலியாணப் பேச்செல்லாம் அவர் தலையில்தான். எண்பத்தாறாம் ஆண்டு தொடக்கத்தில் உடுவிலிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை சற்குணராசா ஜேர்மனியில் இருந்தான். படங்கள் மாறியாயிற்று, சாதகமும் பொருந்தியாயிற்று. இனிக் குரலையும் ஒருக்காக் கேட்டுவிடுவோம் என்று தியாகராசா சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் மனதில் இருந்தது பாதி கலியாணம், பாதி பெட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் பூரணமும் உறவுக்காரர் சிலரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். கனகாம்பிகை கதவு நிலையோடு நின்றாள். மணி அடித்தது. தியாகராசா ரிசீவரை எடுத்துப் பெட்டியில் கிடத்தி, சத்தத்தை வைக்கக்கூடிய அளவுக்குக் கூட்டி வைத்தார்.

"தம்பி! தியாகராசா கதைக்கிறன்! எல்லாரும் இஞ்சை இருக்கினம்! உம்முடைய குரல் கணீரெண்டு கேக்குது!"

"வணக்கம் மாமா. நான்... நான் இஞ்சை... சு... சுகமாய்..." என்றது ஸ்பீக்கர். பிறகு நின்றது. மறுபடி தொடங்கி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நடுவில் விட்டு, முதலிலிருந்து சொன்னது. "மா... மாமா, நான் சொல்லுறதை... ஆரோ திருப்பி... திருப்பிச் சொல்லினம்."

"இஞ்சை ஒருத்தரும் வாய் திறக்கேல்லையே!" என்று கத்தினார் தியாகராசா. ஏதோ கோளாறென்று பட்டு, ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார். கூடத்தில் சத்தம் நின்றது. "லைன்தான் சரியில்லைப் போலை, தம்பி. இப்ப சொல்லும்."

"இப்ப வடிவாய்க் கேக்குது மாமா. வேலை நல்லாய்ப் போகுது, குளிர்தான் கொஞ்சம் கூட. அம்மா அங்கை வந்திருக்கிறாவோ?"

"எங்களுக்குக் கேக்கேல்லை அண்ணை!" என்றாள் ஞானாம்பிகை. ரிசீவர் மறுபடியும் பெட்டிக்குப் போனது. மறுபடியும் தட்டுத்தடுமாறல். பூரணம் மேசைப் பக்கம் குனிந்து, "என்னப்பு, என்னடா செய்யுது உனக்கு?" என்று கேட்டாள். "ஒண்... ஒண்டுமில்லை அம்..." என்று மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில், பிறகு எடுக்கிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்துக்கொண்டான்.

வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஞானாம்பிகை குசினிக்குள் போய்த் தமையனைக் கூப்பிட்டாள்.

"பொடியனுக்குத் திக்குவாய், அண்ணை. மறைச்சுப் போட்டினம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான். பூரணம் எழுந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ரை பிள்ளை ஒருநாளும் இப்பிடிக் கதைச்சதில்லை," என்றாள். "பள்ளிக்கூடத்திலை பேச்சுப்போட்டியிலை முதலாம் பரிசு எடுத்தவன். அங்கை அவனுக்கு என்ன நடந்துதோ தெரியேல்லை. நீங்கள் மறைச்சதெண்டு கதைக்கிறியள்."

செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் படலையைத் தாண்டிப் போய்விட்டாள். தியாகராசா பின்னால் ஓடி இரண்டுதரம் கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் முழுவதும் அவருக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை. திக்குவாயென்றால்தான் என்ன, நல்ல பொடியன் என்று ஒரு பக்கம் நினைத்தார். தாய் ஏன் அப்படி அதிர்ந்து போனாள் என்று மறுபக்கம் நினைத்தார். பொய் சொல்கிறவளின் முகம் அப்படி இருக்காது. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கனகாம்பிகை அந்தப் பெட்டியின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, ஒண்டு கேக்கட்டே? நீங்கள் ரிசீவரைக் கையிலை எடுத்துக் கதைக்கேக்கை அவர் திக்கினவரோ?"

தியாகராசா யோசித்துப் பார்த்தார். வேலை நல்லாய்ப் போகுது, குளிர்தான் கொஞ்சம் கூட. அந்தக் குரல் ஓடுகிற தண்ணீர் மாதிரி வந்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இல்லைப் பிள்ளை. ஒரு இடத்திலையும் திக்கேல்லை."

"ஆரோ திருப்பிச் சொல்லினம் எண்டு சொன்னவரெல்லே. இந்த ஸ்பீக்கரிலையிருந்து வாற அவரின்ரை குரலையே ரிசீவரின்ரை வாய் கேட்டு, திரும்ப அவருக்கு அனுப்புது போலை. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்."

"உது லைன் பிழையடி. ஜேர்மனியிலை ஏதோ," என்றார் தியாகராசா. பெட்டியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அப்ப சோதிச்சுப் பாப்பம். நாளைக்குக் கடையிலையிருந்து வீட்டுக்கு ரெலிபோன் எடுங்கோ."

மறுநாள் கடைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு எடுத்தார். "பெட்டியிலை வை பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு சொன்ன ஒவ்வொரு சொல்லும் கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோல அவருடைய காதுக்கே முழங்கியது. "கையிலை எடு," என்றார். முழக்கம் நின்றது. "சத்தத்தைக் குறைச்சுப்போட்டுத் திரும்ப வை." முழக்கம் பாதியாகியது. கனகாம்பிகை ஏற்கெனவே வயரை நீட்டி ஒட்டி வைத்திருந்தாள். ஸ்பீக்கரைத் தூக்கிப்போய் யன்னலடியில், முகத்தை வெளியே திருப்பி வைத்தாள். இப்போது கடையில் அவர் காதைத் தீட்டிக் கேட்டால்தான் முழக்கம் இருப்பது தெரிந்தது.

எல்லாவற்றையும்விட அவரை உலுக்கியது வேறொன்று. கடையிலிருந்து வீட்டுக்கு ஒன்றிரண்டு மைல். குரல் போன கையோடு திரும்பி வருகிறது, வெறும் முழக்கமாகத்தான் இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து வரும் குரலோ வானத்தில் சுற்றும் சற்றலைற்றுக்கு ஏறி இறங்கி இங்கே வந்து, அதே வழியால் திரும்பிப் போகவேண்டும். அவன் ஒரு சொல்லைச் சொல்லி அடுத்த சொல்லுக்கு வாயெடுக்க, முதற்சொல் வந்து காதில் இடிக்கும். அப்படியென்றால் யாருடைய நாக்குத்தான் தடக்காது?

"பாவம் பொடியன்," என்றார் ரிசீவருக்குள். "நான்தான் திக்கப் பண்ணிப்போட்டன்."

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே மாமா," என்றாள் அவள் மறுமுனையில். சிரிப்பை அடக்குகிறாள் என்பது குரலில் தெரிந்தது.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுவிலுக்குப் போனார். பூரணம் வாசலில் நின்றபடி கதைத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. தியாகராசா நடந்ததைச் சொன்னார். ஒரு கையை வாயாகவும் மறுகையை ஸ்பீக்கராகவும் வைத்து, அருகில் கொண்டுவந்தும் தள்ளியும் காட்டினார். இடையில் தானே திக்கியும் காட்டினார். பூரணம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என்ரை பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லையோ, அண்ணை?"

"ஒரு வருத்தமும் இல்லை, தங்கச்சி. எல்லாம் என்ரை மேசையிலைதான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஐந்து நாளாகப் பச்சைத் தண்ணி இறங்கவில்லை என்றாள். உண்மையில் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் தியாகராசா அதைத் திருத்தவில்லை. அழுது முடித்து, "உள்ளை வாங்கோ, வெறும் வயித்தோடை போகக்கூடாது," என்றாள்.

அடுத்த ஞாயிறும் மணி அடித்தது. இந்தமுறை உறவுக்காரர் யாரும் இல்லை. ரிசீவர் முதலில் பூரணத்தின் காதுக்குப் போனது. மகன் என்ன சொன்னானோ, அவள் "ஓம் ராசா, ஓம் ராசா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஞானாம்பிகை வாங்கி, மாப்பிள்ளை கேட்காமலே, குசினியில் தான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கு அது என்னவென்றே தெரியாது.

தியாகராசாவுக்கு ஒரு ஆசை மிச்சமிருந்தது. ஸ்பீக்கரை யன்னலடியில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, ரிசீவரைப் பெட்டியில் கிடத்தினார்.

"தம்பி, இப்ப உம்முடைய குரல் திரும்பி வருதோ?"

"கொஞ்சமாய் வருது மாமா."

இன்னும் குறைத்தார். "இப்ப?"

"இப்ப இல்லை. நல்லாய் இருக்கு."

சத்தம் மெலிந்திருந்ததால் எல்லோரும் யன்னலடிக்குப் போய்த் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது. சற்குணராசா அங்கே பெய்யும் பனியைப் பற்றியும், தான் வைத்த குழம்பு அடிப்பிடித்ததைப் பற்றியும் ஒரு இடத்திலும் தடக்காமல் சொன்னான். பூரணம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு அவன் கொஞ்சம் தயங்கி, இந்தமுறை உண்மையிலேயே தயங்கி, "மாமா, கனகாம்பிகை அங்கை நிக்கிறாவோ?" என்று கேட்டான்.

கனகாம்பிகை மாமாவைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து பெட்டியை நிறுத்தி, ரிசீவரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீ கதை பிள்ளை," என்று சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

வேலியோரத்து வாழைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கூடத்துக்குள்ளிருந்து "ஓம்" என்று ஒருதரமும், "இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று ஒருதரமும் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். ஞானாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

"அவர் என்னவாம் அண்ணை?"

"எனக்கென்னண்டு தெரியும்?" என்றார் தியாகராசா, கூடத்துக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டே.