தேர் நாளும் செவ்வாய்க்கிழமையும்

ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அந்த ஐஸ்கிரீம் கடையைப் பார்த்த சங்கையா வாயைப் பிளந்துவிட்டார். ஒரு பக்கம் வானத்தை மறைத்துக்கொண்டு தேர் வர, கை தானாகக் கும்பிட்டது. மறுபக்கம் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. என்ன கூட்டம்! என்ன விளக்கு!

"ராஜபாளையத்துல உங்க கடைக்கும் இதே போர்டுதான் சார். ஒரு வாரத்துல பதில் சொல்லுங்க" என்றார் மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரர். எந்த நாளில் ஆளைக் கூட்டி வர வேண்டும் என்று தெரிந்த மகராசன்.

இருபது வருஷம் மில்லில் மெஷின் பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர் சங்கையா. கையில் இருப்பது அறுபதாயிரம். கம்பெனிப் பேருக்குக் கட்டணம் நாற்பது. அது திரும்பி வராது. மிச்சம் கடை அட்வான்சுக்கும் அலங்காரத்துக்கும் சரியாகிவிடும். தொழில் படுத்தால் மகள் கல்யாணமும் சேர்ந்து படுத்துவிடும்.

"தேரு வருசத்துக்கு ஒரு நாள்தான ஓடும்? செவ்வாக்கிழமை போயிப் பாத்துட்டு வருவம்" என்றாள் மனைவி வெள்ளைத்தாய்.

போனார்கள். கடைக்காரர் முத்துராமலிங்கம் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மனுஷன் எதையும் ஒளிக்கவில்லை.

"வித்தாலும் விக்காட்டியும் மாசம் இம்புட்டுச் சரக்கு எடுத்தாகணும் அண்ணாச்சி, ஒப்பந்தம். கரண்டு போனா உருகுறது என் காசு. கம்பெனி நல்ல கம்பெனிதான். ரெண்டு வருசம் நட்டத்தைத் தாங்குறவனுக்குச் சரிப்படும்."

திரும்பும் பஸ்ஸில் சங்கையா கம்பெனிக்காரர் கொடுத்த விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார். வெள்ளைத்தாய்தான் மெல்ல ஆரம்பித்தாள்.

"மில்லு விட்டு வார பொம்பளைக பொறவுதான் ஊறப்போட்டு ஆட்டணும். நம்ம இட்லி மாவு ஆட்டி வித்தா என்ன?"

"அடுத்த வீட்டு மாவை எவ வாங்குவா ஏட்டி?"

"வீட்டு கிரைண்டர்லயே ஆட்டிப் பாப்பம். மொத நாளு வேடிக்கைக்கு வாங்குவாளுக. மறுநா திரும்பி வாராளுகளா, அதான் கணக்கு."

மில்லில் எந்த மேனேஜரும் இப்படி யோசித்துச் சங்கையா பார்த்ததில்லை.

ஆடிக்கொண்டிருந்த கிரைண்டர் கல்லை அவரே சரிசெய்தார். விடிகாலையில் ஆட்டிய மாவு சாயங்காலத்துக்குள் பொங்கி நின்றது. முதல் நாள் பதினோரு பேர் வாங்கினார்கள். மறுநாள்தான் கம்பெனிக்குப் பதில் சொல்லும் கடைசி நாள். விண்ணப்பம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மில் சங்கு ஊதியது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சங்கையாவின் கை சட்டைப் பைக்குப் போனது.

செத்த நேரத்தில் தெரு முக்கில் திரும்பி வந்தார்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, நேற்றைய பதினோரு பேரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முகம் தெரியாத பெண்கள் தெரு அடைத்து வந்தார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி.

"யக்கா, எங்க மாமியாளே குத்தஞ்சொல்லல!" என்றாள் முன்னால் வந்தவள்.

போர்டு இல்லை, விளக்கு இல்லை. இவ்வளவு கூட்டமும் தன் வீட்டு வாசலுக்கா? சங்கையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கை தானாகக் குவிந்ததை அவர் அறியவில்லை.

"ஏங்க, கும்புட்டது போதும்" என்றாள் வெள்ளைத்தாய். "அளந்து ஊத்துங்க."