ஜெப வீட்டுத் தீனி

ஜான்ரோஸ் ஐயாவின் உடம்பைக் குறைக்க வேண்டியது என் வேலை. அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

அவர் தக்கலைக்காரர். சபைக் கமிட்டியில் இருந்தார், நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் இருந்தார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தக் காகிதத்தோடு சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டுப் போனபோது, "ஒங்க அப்பன் கையெழுத்துப் போடுவானாட்டி?" என்று கேட்டுச் சிரித்தவர் அவர். வேலை அவருடைய தம்பி மருமகளுக்குப் போயிற்று. அவள் இண்டர்மீடியட் கூடத் தேறாதவள்.

1954இல் அவரே என் முன்னால் வந்து நின்றார். குடலிறக்கம். பத்து ராத்தல், அதாவது நாலரை கிலோ, குறைந்தால்தான் கத்தி வைப்பேன் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிகளின் சாப்பாட்டை அளந்து அனுப்புகிறவள் நான்.

எடை 212 ராத்தல். அந்த உடம்பு எடை மாறாமல் இருக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2600 கலோரி வேண்டும். நான் 1900 கொடுத்தேன். திங்கள் காலை முதல் வெள்ளி இரவு வரை அவர் கடை மாடியில் தங்குவார். மூன்று வேளையும் ஆஸ்பத்திரித் தூக்குவாளிதான். ஒரு பருக்கை மீறவில்லை என்று கடைக் கணக்கப்பிள்ளை சத்தியம் செய்தார். அதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

வாரத்துக்கு ஒரு ராத்தல் இறங்கியிருக்க வேண்டும். நான்கு திங்கட்கிழமை எடை பார்த்தேன். 212, 213, 212, 212.

"பட்டினி போட்டுக் கொல்லுதா, எடையும் எறங்கல" என்று அவர் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என்னை நிறுத்துவது பற்றிப் பேசப்போகிறார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். "பதில் இருந்தா கொண்டு வா நேசபாய். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்று வெள்ளிக்கிழமை. தராசை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே ஜவுளிக்கடைக்குப் போனேன்.

"இன்னைக்கு எதுக்குட்டி?"

"ஏறுங்க ஐயா."

209. மூன்று ராத்தல் குறைவு. அதில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர் என்று தெரியும். உப்பும் சோறும் குறைந்தால் உடம்பு தேக்கிய நீரை விடும், கூடினால் மறுபடி தேக்கும். ஆனாலும் ஒரு ராத்தலாவது நிஜக் கொழுப்பு. ஐந்து நாளில் 3500 கலோரி குறைத்தால் ஒரு ராத்தல் என்று பாடத்தில் படித்தது சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்த ராத்தல் அவர் தக்கலை வீட்டில் இருக்கும் சனியும் ஞாயிறும் திரும்பி ஏறுகிறது. நான் அச்சடித்த தாளில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் கட்டம் போட்டிருந்தேன். மடச்சி. வாரத்துக்கு ஏழு நாள்.

சனிக்கிழமை தக்கலைக்கு பஸ் ஏறினேன். என்னோடு படித்த தேவகனி வீட்டில் தங்கி, சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்குப் போகும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். ஜான்ரோஸ் ஐயா வேதப்புத்தகத்தோடு முன்னால் போனார். ஒரு வீட்டில் பாட்டு, வசனம், ஜெபம், ஆமென். உடனே தட்டு வந்துவிடும். பயறும் கருப்புக்கட்டியும் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து, நேந்திரம் வாழையின் ஏத்தங்காய் வறுவல், கருப்புக்கட்டிக் காப்பி. பிறகு அடுத்த வீடு. சனிக்கிழமை நான்கு வீடு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீடு. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி ரத்தினம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆட்டுக்கறி இருந்தது. அவர் அளவாகவே தின்றார். இரவுச் சாப்பாடும் அப்படித்தான் என்றாள்.

"அவிய இங்க வீட்டுல பெலமா ஒண்ணும் தின்னதில்ல மக்கா. ஏன் எறங்கலன்னே தெரியல" என்றாள்.

"ஜெப வீட்டுல தின்னது?"

"அது சாப்பாடா? ஜெபம் பண்ணித் தின்னது ஒடம்புல ஒட்டாதுன்னு அவிய சொல்லுவாவ." அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினாள்.

திங்கள் காலை எடை 212.

செவ்வாய்க்கிழமை கமிட்டி அறையில் ஒன்பது ஆண்கள். ஜான்ரோஸ் ஐயா நடுநாயகமாக இருந்தார்.

"நாலு வாரமா பட்டினி. ஒரு ராத்தல் எறங்கல. இவ படிப்பு இவ்வளவுதான்" என்றார்.

நான் எழுந்து நோட்டைத் திறந்தேன். "சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கு ஐயாவுக்கு வேண்டியது 5200 கலோரி. வீட்டுச் சாப்பாட்டுலேயே அது நெறஞ்சாச்சு. அதுக்கு மேல தின்னத வாசிக்கேன். முந்திரிக்கொத்து பதினொண்ணு, 1400. கருப்புக்கட்டிக் காப்பி ஒம்பது, 900. ஏத்தங்காய் வறுவல் வீட்டுக்கு ரெண்டு பிடி, 1200. மொத்தம் 3500. தூக்குவாளி அஞ்சு நாளா எறக்கினதும் அதே 3500."

"ஏட்டி, நீ என் பொறத்தால வேவு பாத்தியா?"

"ஜெபத்துக்கு வந்தேன் ஐயா. கண்ண மூடச் சொன்னீங்க, நான் மூடல."

யாரோ இருமினார்கள். தக்கலையிலிருந்து வந்த தாசையன் ஐயா மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்டுல எத்தன?"

"முந்திரிக்கொத்து நாலு. அதுல ரெண்டு, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே எடுத்தாவ."

ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பல வருஷமாகக் காத்திருந்து கேட்டேன். இனித்தது என்றால் குறைவு.

என்னை நிறுத்தும் பேச்சு அதோடு போயிற்று. வெளியே வந்ததும் பெரிய டாக்டர் கடிந்தார். "நோயாளி தின்னத நாலு பேர் முன்னால வாசிக்கக் கூடாது."

"என் வேலைய அவரு நாலு பேர் முன்னால வச்சாரு டாக்டர். அதுக்குப் பக்கத்துல நான் அவரு தட்ட வச்சேன்."

"ரெண்டாவது தடவ வேண்டாம்" என்றார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஜெப வீட்டில் ஒன்றும் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் இரண்டு வாரம் கேட்பார், மூன்றாம் வாரம் பழையபடி தின்பார். தட்டைத் தள்ளினால் வீட்டுக்காரருக்குக் குறைச்சல். அதனால் ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட புதுத் தாள் எழுதினேன். வார நாள் 1900 அப்படியே. சனி, ஞாயிறு 2600, அதற்குமேல் இல்லை. ஜெப வீட்டுக்கு இடம் வேண்டுமென்றால் வீட்டில் விட வேண்டும். இரண்டு நாளும் மத்தியானச் சோறு பாதி, இரவுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி. அப்படி மிச்சமானதில் நாளுக்கு இரண்டு முந்திரிக்கொத்து, அதுவும் அவரே முன்கூட்டிச் சொன்ன ஒரே வீட்டில். மற்ற வீடுகளில் கருப்புக்கட்டி போடாத காப்பி. தட்டில் வைப்பதை இலையில் பொதிந்து ரத்தினம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவாள். வெள்ளிக்கொரு எடை, திங்களுக்கொரு எடை. வெள்ளியை வெள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும், திங்களைத் திங்களோடு.

"எந்த வீட்டுல திங்கணும்னு நான் ஒன்னட்ட சொல்லணுமா?"

"வெள்ளிக்கிழம எட போடும்போது சொல்லணும். நான் எழுதிக்கிடுவேன்."

ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பெரிய மனிதர் தராசில் நின்றபடி, "இந்த வாரம் தாசையன் வீடு" என்று என்னிடம் சொன்னார். முதல் வாரம் தாசையன் வீட்டோடு இன்னொரு வீட்டிலும் தின்றார். திங்கட்கிழமை ஒத்துக்கொண்டார். அவர் பார்க்க, அதைச் சிவப்பு மையில் எழுதினேன். சத்தியமாக, வேண்டுமென்றே மெதுவாக எழுதினேன்.

புதுத் தாள் தொடங்கி ஐந்தாம் திங்கள். அவர் செருப்பைக் கழற்றி ஏறினார். முள் ஆடி நின்றது. 208.

ஒரு கணம் அவர் முகம் குழந்தை முகமாயிற்று. பிறகு என்னைப் பார்த்ததும் இறுகியது.

"நீ எனக்கு நல்லது செய்யலட்டி. பழி தீக்குத."

"ஆமா" என்றேன். "இன்னும் ஆறு ராத்தல் இருக்கு. எறங்குங்க."